எங்கள் வீட்டுப் பேச்சு குஜராத்தியின் கிளையா? கணக்கெடுப்பில் சௌராஷ்ட்ரம்

தெப்பக்குளம் மீனா எழுதியது:

வணக்கம். மகள் கல்லூரியில் ஒரு கட்டுரைக்காக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாய்மொழிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொழிகளின் பெயர்களில் எங்கள் வீட்டில் பேசும் சௌராஷ்ட்ரத்தைத் தேடினாள், இல்லை. கடைசியில் குஜராத்தி என்ற தலைப்புக்குக் கீழே, உள்ளே தள்ளி ஒரு வரியாகக் கிடைத்தது: சௌராஷ்ட்ரா/சௌராஷ்ட்ரி, 2,47,702 பேர். மேலே உள்ள குஜராத்தியின் ஐந்தரைக் கோடியில் நாங்களும் அடக்கம்.

எங்கள் பாட்டிக்கு எண்பத்து நான்கு வயது. இப்போதும் சுங்குடிக்கு முடிச்சுப் போடுவார். புள்ளி வைத்த இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குவதைப் பார்த்தால் நமக்குக் கை வலிக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு மொத்தக் கடையில் குஜராத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். "நீங்களும் எங்க ஊர்க்காரங்கதானாமே" என்று பாட்டியிடம் குஜராத்தியில் பேச்சை எடுத்தார். பாட்டி எங்கள் பேச்சில் பதில் சொன்னார். மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அந்த அம்மா இரண்டுக்கு "பே" என்றதும் பாட்டி விழித்தார். முடிச்சு, சாயம், கூலி என்று பேச்சு போனபோது இருவருக்குமே ஒன்றும் பிடிபடவில்லை. பத்து நிமிடத்தில் இருவரும் தமிழுக்கு வந்துவிட்டார்கள்.

என் கேள்வி இதுதான். எங்கள் பேச்சு குஜராத்தியின் ஒரு வழக்கு என்று யார், எதை வைத்து முடிவு செய்தார்கள்?

உசிலை பாண்டி எழுதியது:

அக்கா, தப்பா நினைக்காதீங்க. எழுத்து, இலக்கணம், இலக்கியம் மூன்றும் இருந்தால் மொழி. இல்லாவிட்டால் வட்டார வழக்கு. பள்ளியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் ஆட்கள் கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தமிழில்தானே அடிக்கிறீர்கள்? எழுத்து இல்லாததைப் பக்கத்தில் உள்ள பெரிய மொழியோடு சேர்ப்பது இயல்புதானே.

தெப்பக்குளம் மீனா எழுதியது:

எழுத்து இருக்கிறது தம்பி. எங்கள் வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது, அது வேறு விஷயம். நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) மதுரையில் இருந்து பாடிய சௌராஷ்ட்ரப் பாடல்கள் இன்றும் பஜனையில் பாடப்படுகின்றன. நாங்கள் அவற்றைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடுகிறோம்.

வைகைக்கரை எழுதியது:

மொழியியல் படித்து, பல வருடம் அதையே சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பாண்டி சொன்னதில் பாதி சரி. எழுத்தும் இலக்கியமும் இருந்தால் ஒரு பேச்சுக்கு மதிப்புக் கூடும், அதைப் புறந்தள்ள முடியாது. ஆனால் அவற்றை அளவுகோலாக வைத்தால் கணக்கு உதைக்கும்.

கொங்கணியைப் பாருங்கள். தேவநாகரி, ரோமன், கன்னடம், மலையாளம் என்று அதை எழுதும் எழுத்து இடத்துக்கு இடம் மாறுகிறது. அது மராத்தியின் வழக்குதான் என்று நீண்ட காலம் வாதாடினார்கள். அந்த வாதத்துக்குப் பின்னால் கோவாவை மகாராஷ்டிரத்தோடு இணைப்பதா என்ற கேள்வி இருந்தது. 1967-ல் கோவா மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது, இணைய வேண்டாம் என்ற பக்கம் வென்றது. 1975-ல் சாகித்திய அகாதெமி கொங்கணியைத் தனி மொழியாக ஏற்றது. 1987-ல் அது கோவாவின் ஆட்சிமொழி. 1992-ல் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் சேர்ந்தது. இந்த இருபத்தைந்து ஆண்டில் கொங்கணியின் வினைச்சொற்கள் எதுவும் மாறிவிடவில்லை. மாறியது அதைப் பேசியவர்களின் அரசியல் நிலை.

சௌராஷ்ட்ர எழுத்தைப் பற்றி ஒரு சின்னத் தகவல். 2008-ல் அது யூனிகோடில் இடம் பெற்றது. அதில் U+A8B4 என்ற எண்ணில் "ஹாரு" என்று ஒரு குறி இருக்கிறது. ம, ந, ர, ல இவற்றை மூச்சோடு சேர்த்து, ம்ஹ, ந்ஹ, ர்ஹ, ல்ஹ என்பதுபோல ஒலிக்கும்போது போடுகிற குறி அது. மீனா, உங்கள் பாட்டி பேசும்போது அந்த மூச்சைக் கவனித்துக் கேளுங்கள். சௌராஷ்ட்ரத்துக்கு அது தேவைப்பட்டதால்தான் எழுத்தில் தனிக் குறியே உண்டானது. அனைத்துலக மொழிக் குறியீட்டிலும் சௌராஷ்ட்ரத்துக்குத் தனியாக `saz` இருக்கிறது, குஜராத்திக்கு `guj`. ஆக, ஒரே பேச்சை ஒரு பட்டியல் தனி மொழி என்கிறது, இன்னொரு பட்டியல் கிளை என்கிறது.

இனி உங்கள் கேள்வி, யார் முடிவு செய்தது. நூறு வருடத்துக்கு முன் கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக் கணக்காய்வு, பட்டுநூல்காரர் என்று அழைக்கப்பட்ட சௌராஷ்ட்ரர்களின் பேச்சைக் குஜராத்தியோடு வைத்தது. அந்த ஆய்வு சென்னை மாகாணத்தில் நடக்கவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சௌராஷ்ட்ரம் மிகுதியாகப் பேசப்பட்ட மதுரையும் கும்பகோணமும் அந்த மாகாணத்தில்தான் இருந்தன. குஜராத்தி, மராத்தி போன்ற இந்தோ-ஆரிய மொழிகளோடு அதற்கு உறவு உண்டு என்பதில் ஐயமில்லை. உறவு இருப்பது வேறு, ஒன்றின் கிளையாக இருப்பது வேறு.

கம்பம் ராஜி எழுதியது:

என் பையன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். "வாங்கிட்டு வந்துட்டேன்ல" என்று இழுத்தால் கூட இருப்பவர்கள் மதுரை ஸ்லாங் என்று கேலி செய்கிறார்களாம். சங்கம் வளர்த்த ஊர்ப் பேச்சுதானே சுத்தமான தமிழ்? அதை எப்படி அவர்கள் வட்டார வழக்கு என்று சொல்லலாம்?

வைகைக்கரை எழுதியது:

ராஜி அம்மா, இங்கே பேசுவது சற்று வேறு. மதுரைத் தமிழும் சென்னைத் தமிழும் தமிழ்தான் என்பதில் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் சந்தேகமே இல்லை. அதனால்தான் அங்கே சண்டை எது சுத்தம் என்பதோடு நின்றுவிடுகிறது. பையனை அப்படியே பேசச் சொல்லுங்கள், அந்தப் பேச்சில் குறை ஒன்றும் இல்லை.

சுண்ணாம்புக்காரத் தெரு வாத்தியார் எழுதியது:

2011 பிப்ரவரியில் நான் கணக்கெடுப்பாளராக வீடு வீடாகப் போனவன். பள்ளி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் இரவு எட்டு மணி ஆகும். படிவத்தில் பத்தாவது கேள்வி தாய்மொழி. எங்களுக்குக் கொடுத்த கையேட்டில் தெளிவாக இருந்தது: அவர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே முழுப் பெயராக எழுது, அது இன்னொரு மொழியின் வழக்கா என்று நீ தீர்மானிக்க வேண்டியதில்லை. தாய்மொழி என்றால் குழந்தைப் பருவத்தில் தாய் அவரிடம் பேசிய மொழி என்றும் சொல்லியிருந்தது.

நான் அப்படித்தான் எழுதினேன். சௌராஷ்ட்ரா என்றவர்களுக்குச் சௌராஷ்ட்ரா. ஒரு வீட்டில் உள்ளே அம்மாவும் பிள்ளைகளும் அந்தப் பேச்சில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், என் காதிலேயே விழுந்தது. வாசலில் நின்ற அப்பா, "தமிழ்னே போடுங்க சார், எல்லாம் இங்கயே பொறந்து வளர்ந்ததுதானே" என்றார். கையேடு கையில் இருக்கும்போது நான் வேறு எதை எழுதுவது? தமிழ் என்று எழுதினேன். ஆக, அந்த 2,47,702 என்பது பேசுகிறவர்களின் எண்ணிக்கை அல்ல. அப்படிச் சொல்லிக்கொண்டவர்களின் எண்ணிக்கை. இதை மீனா அம்மா மகளின் கட்டுரையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

வாத்தியார் சொன்னது மிக முக்கியமான இடம். கணக்கெடுப்பாளர் முடிவு செய்வதில்லை. முடிவு நடப்பது அதற்குப் பிறகு, அலுவலகத்தில். 2011-ல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் மொத்தம் 19,569. எழுத்துப் பிழைகள், ஒரே பேச்சுக்கு ஊருக்கொன்றாக இருக்கும் பெயர்கள், சாதிப் பெயரைச் சொன்னவை, எல்லாவற்றையும் ஒழுங்கு செய்ததில் அடையாளம் காண முடிந்த தாய்மொழிகள் 1,369 ஆயின. அவற்றில் 10,000 பேருக்கு மேல் பேசுபவற்றை எடுத்துத் தொகுத்தபோது கிடைத்தவை 121 மொழிகள். எட்டாம் அட்டவணையில் உள்ளவை 22, மற்றவை 99. சௌராஷ்ட்ரம் குஜராத்திக்குள் போனது இந்தக் கடைசிப் படியில்.

எண்ணிக்கை போதாததால் சேர்த்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அதே 2011-ல் சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்றவர்கள் 24,821 பேர். அதற்குத் தனி வரி, தனி மொழி. சௌராஷ்ட்ரர்கள் அதைப்போலப் பத்து மடங்கு.

தொகுக்கும் வேலையில் இலக்கணமும் வம்சாவளியும் பார்க்கப்படுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் மைதிலிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1991 பட்டியலில் அது இந்திக்குள் ஒரு வரி. 2003-ல் அரசியல் சட்டத் திருத்தம் அதை எட்டாம் அட்டவணையில் சேர்த்தது. பிறகு வந்த பட்டியலில் அது தனி மொழி. பக்கத்திலேயே உள்ள போஜ்புரியை 2011-ல் ஐந்து கோடிக்கு மேல் பேசினார்கள். அது இன்னும் இந்திக்குள்தான். இரண்டுக்கும் நடுவில் என்ன இலக்கண வேறுபாடு கண்டுபிடித்துப் பிரித்தார்கள் என்று கேட்டால் யாராலும் காட்ட முடியாது.

திருமங்கலம் ராமு எழுதியது:

எங்கள் வீட்டில் தெலுங்கு. நாயக்கர் காலத்தில் வந்த குடும்பம் என்று சொல்வார்கள். சித்தப்பாவுக்கு ஐதராபாத்தில் ஒரு வைத்தியம் பார்க்கப் போயிருந்தோம். விடுதியில் நான் தெலுங்கில் அறை கேட்டேன். அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு இந்தியில் பதில் சொன்னான். மறுபடி தெலுங்கில் சொன்னேன். "சார், இது என்ன பாஷை?" என்று கேட்டான். சித்தப்பாவுக்கு அன்று இருந்த உடல் வலியைவிட அந்தக் கேள்வி வலித்தது. திரும்பி வரும்போது ரயிலில் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆனால் கணக்கெடுப்பில் நாங்கள் தெலுங்கு என்றுதான் சொல்வோம். பட்டியலிலும் தெலுங்கு என்றே இருக்கும். எங்கள் பேச்சு தனி மொழியா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, எங்களுக்கும் தோன்றியதில்லை. நாங்கள் தெலுங்கர்கள், அவ்வளவுதான். நான் கேள்வியை விட்டு விலகிப் போயிருந்தால் மன்னிக்கவும்.

வைகைக்கரை எழுதியது:

விலகவே இல்லை ராமு. நான் சொல்ல நினைத்ததைத்தான் உங்கள் கதை காட்டுகிறது. ஒரே ஊர். இரண்டு குடும்பங்களும் சில நூறு வருடங்களுக்கு முன் வேறிடத்திலிருந்து வந்தவை. இரண்டு பேச்சிலும் தமிழ் நிறையக் கலந்திருக்கிறது. இரண்டு பேருமே "சொந்த ஊர்க்காரரிடம்" பேசிப் புரியாமல் நின்றவர்கள். ஒருவர், என்னுடையது தெலுங்குதான், அவனுக்குத்தான் காது இல்லை என்கிறார். இன்னொருவர், என்னுடையது குஜராத்தி இல்லை என்கிறார். கோடு விழுவது அந்த இடத்தில்.

உசிலை பாண்டி எழுதியது:

ஐயா, இது எனக்கு ஒப்பவில்லை. அவரவர் சொல்வதுதான் மொழி என்றால் நாளைக்கு உசிலம்பட்டிக்காரர்கள் எங்கள் பேச்சு தனி மொழி என்று எழுதிக் கொடுக்கலாமா? இலக்கணத்துக்கு ஒரு வேலையும் இல்லையா?

வைகைக்கரை எழுதியது:

நல்ல கேள்வி. இலக்கணத்துக்கு வேலை உண்டு, ஆனால் அது எல்லையின் இரண்டு ஓரத்திலும்தான் உறுதியாகப் பேசும். சௌராஷ்ட்ரத்தில் எத்தனை தமிழ்ச் சொல் இருந்தாலும், வாக்கியங்கள் தமிழ் மாதிரியே ஓடினாலும், அது தமிழின் வழக்கு என்று எந்த அரசாங்கம் சொன்னாலும் நிற்காது. எண்களும் உறவுப் பெயர்களும் அடிப்படை வினைகளும் காட்டிக்கொடுத்துவிடும். அதேபோல உசிலம்பட்டிப் பேச்சு இன்றைக்குத் தனி மொழி என்றால் நிற்காது. உங்கள் பேச்சில் ஒரு கதை சொன்னால் நான் கடைசி வரை கேட்டுச் சிரிப்பேன்.

நடுவில் ஓர் அகலமான நிலம் கிடக்கிறது. பாதி புரியும், பாதி புரியாது. ஒருவருக்குப் புரியும், மற்றவருக்குப் புரியாது. அந்த நிலத்தில் எங்கே வேலி போடுவது என்று இலக்கணம் சொல்வதில்லை.

புரிகிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. மீனாவின் மகள் கைபேசியிலேயே செய்து பார்க்கலாம். பாட்டியை இரண்டு மூன்று நிமிடம், தன் வாழ்க்கையில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். எல்லோருக்கும் தெரிந்த கதையாக இருக்கக் கூடாது, ராமாயணம் என்றால் கேட்பவர் ஊகித்துவிடுவார். அதிலிருந்து பத்துக் கேள்வி எடுங்கள். தமிழ்நாட்டில் வாழாத, சௌராஷ்ட்ரம் கேட்டே பழகாத ஒரு குஜராத்திக்காரருக்கு ஒரு பகுதி முடிந்ததும் நிறுத்தி, ஒரு கேள்வி கேட்டு, அவர் மொழியிலேயே பதில் வாங்குங்கள். அப்புறம் திருப்பிச் செய்யுங்கள், குஜராத்திப் பதிவைப் பாட்டிக்குப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மதிப்பெண் வருவது அபூர்வம்.

இதில் கவனிக்க வேண்டியது, பேசுபவர் "அவருக்குப் புரியட்டும்" என்று மெதுவாகப் பேச ஆரம்பித்தால் சோதனை கெட்டுவிடும். கேட்பவருக்கு மராத்தியும் தெரிந்திருந்தால் அதை வைத்துச் சமாளிப்பார். பதில் தடங்கலே இல்லாமல் வந்தால், உங்களுக்கு இன்னும் என்ன மொழிகள் தெரியும் என்று கேட்டுவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்து பத்துக்கு நாலு என்று வந்தால்? நாலு என்றால் மொழி, எட்டு என்றால் வழக்கு என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. முடிவு செய்கிறவர் கையில்தான் அது.

பாலரங்காபுரம் சுரேஷ் எழுதியது:

நானும் சௌராஷ்ட்ரன்தான். மீனா அக்கா வருத்தம் புரிகிறது, ஆனால் எனக்கு வேறு எண்ணம். 2023 ஏப்ரலில் குஜராத்தில் சௌராஷ்ட்ர தமிழ்ச் சங்கமம் நடந்தது. சோமநாதர் கோயில் வாசலில் நின்றபோது எங்கள் பெரியவர்கள் அழுதார்கள். இங்கிருந்துதான் வந்தோம் என்ற நினைப்பு எங்கள் பெயரிலேயே இருக்கிறது. குஜராத்தியோடு சேர்ந்திருந்தால் எட்டாம் அட்டவணை மொழியின் நிழலில் இருக்கிறோம். தனியாகப் பிரிந்தால் இரண்டரை லட்சம் பேர், 99-ல் ஒன்று. யார் கவனிப்பார்கள்?

தெப்பக்குளம் மீனா எழுதியது:

சுரேஷ், சோமநாதரை நினைத்தால் எனக்கும் நெஞ்சு நெகிழும். வந்த இடத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிழலில் நமக்கு என்ன கிடைத்தது? நம் பிள்ளைகளுக்குக் குஜராத்திப் பாடப்புத்தகம் கொடுத்தால் ஒரு பக்கம் புரியுமா? குஜராத்தி எழுத்து நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? குஜராத்திக்கு என்று செய்கிற எதுவும் நம் வீட்டுக்குள் வராது. நமக்கு என்று ஏதாவது கேட்டால், உங்கள் மொழி ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதே என்பார்கள்.

பாலரங்காபுரம் சுரேஷ் எழுதியது:

அது நியாயமான கேள்விதான் அக்கா. ஆனால் தனி மொழி என்றதும் எந்த எழுத்து என்ற சண்டை வரும். நம் சொந்த எழுத்தா, தேவநாகரியா, தமிழா என்று நம் ஆட்களே மூன்று கட்சி. முதலில் அதைத் தீர்த்துவிட்டு டெல்லியிடம் கேட்போம் என்கிறேன்.

சுண்ணாம்புக்காரத் தெரு வாத்தியார் எழுதியது:

2027 கணக்கெடுப்பு கைபேசிச் செயலியில் நடக்கப் போகிறது. அன்றைக்குப் பேனாவால் நான் எழுதியது போல இப்போதும் சொன்னதை அப்படியே எழுத இடம் இருக்குமா, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்வார்களா? அதைப் பொறுத்து நிறைய மாறும். யார் வந்தாலும் பெயரை முழுதாகச் சொல்லுங்கள், என்ன பதிந்தார்கள் என்று கேட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வாசலில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, உள்ளே இருக்கும் பாட்டியையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தெப்பக்குளம் மீனா எழுதியது:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். பாட்டியைப் பதிவு செய்தோம். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயத் தொட்டியில் கையை விட்டுவிட்டு, மணவறையில் சிவந்த விரல்களை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்த கதையைச் சொன்னார். மகளின் தோழி ஒருத்தி ராஜ்கோட்டில் படிக்கிறாள். அவள் மூலம் அங்கே ஓர் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். பத்துக்கு மூன்று. கல்யாணம் என்று புரிந்திருக்கிறது, விரல் என்று புரிந்திருக்கிறது, ஏன் ஒளித்தார் என்பது புரியவில்லை. திருப்பிச் செய்ததில் பாட்டிக்கு இரண்டு. ஒரே ஒருவரை வைத்துச் செய்தது, இதை முடிவாகச் சொல்லவில்லை.

இன்னொன்று நடந்தது. அதே பதிவைச் சேலத்தில் கட்டிக்கொடுத்த என் நாத்தனாருக்குப் போட்டோம். அவர் மாமியாரும் சௌராஷ்ட்ரம்தான். அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "கதை நல்லா இருக்கு, ஆனா மதுரைக்காரங்க பேசுறது நம்ம பாஷை மாதிரியே இல்லையே, ஒரே இழுவை" என்று சொன்னாராம். பாட்டி காதில் இதைப் போட்டேன். "சேலத்துக்காரங்க பேசுறதுதான் கொச்சை" என்றார் உடனே, கோபமாக.

சுரேஷ் சொன்ன எழுத்துச் சண்டையோடு இதுவும் இருக்கிறது. நாளைக்கு ஒரு பாடப்புத்தகம் வந்தால் அதில் மதுரைப் பேச்சா, சேலம் பேச்சா, பரமக்குடிப் பேச்சா? மதுரைப் பேச்சைப் போட்டால் சேலத்து மாமியார் பேசுவது அன்றைக்கே வட்டார வழக்காகிவிடும். வைகைக்கரை ஐயா, இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? சேலத்து அம்மாவிடமும் ஒரு கதை கேட்டு வாங்கியிருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை அதை எழுத்தில் எடுக்கப் போகிறோம்.